விழுப்புரத்து நாலாயிரம் மணி, திண்டிவனத்து ஒரு கோடி

விழுப்புரத்தில் ஒருவர் வாரம் ஒரு பத்து நிமிட விவசாய வீடியோ போடுகிறார். திண்டிவனத்தில் இன்னொருவர் தினம் ஒரு ஷார்ட்ஸ் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பர வருமானத்தில் பங்கு தர, யூடியூப் இருவரிடமும் 1,000 சப்ஸ்கிரைபர் கேட்கிறது. அதற்கு மேல் முன்னவருக்குக் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். பின்னவருக்குக் கடந்த 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூஸ். (500 சப்ஸ்கிரைபருக்கே சேரலாம் என்று 2023-இல் வந்த படியில் ரசிகர்கள் தரும் பணம் போன்றவைதான், விளம்பரப் பங்கு இல்லை.)

கணக்கைப் பிரித்தால் விழுப்புரத்து இலக்கு அவ்வளவு மிரட்டவில்லை. ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால் 60,000 வியூஸ் போதும். முதல் ஆறு மாதம் வீடியோவுக்கு 200 வியூஸ்தான் என்றால் சேர்வது 350 மணியைத் தொடாது. ஆண்டுக்குள் முடிக்க, அடுத்த ஆறு மாதம் வீடியோவுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் தேவை. அந்தப் பத்து மடங்கு வளர்ச்சி நினைத்த வேளையில் வருவதில்லை. ஒன்றரை ஆண்டு என்று வைத்துக்கொள்வதே என் கணக்கு.

திண்டிவனத்து இலக்கோ 90 நாளில் நாளுக்குச் சராசரியாக ஒரு லட்சத்துப் பதினோராயிரம் வியூஸ். ஒரு ஷார்ட்ஸ் எதிர்பாராமல் ஓடினால் மூன்றே வாரத்தில் எட்டிவிடலாம். ஓடாவிட்டால் ஐந்தாண்டிலும் எட்டாது. இங்கே காலக்கெடு சொல்லவே முடியாது.

இத்தனை வேறுபாட்டுக்கும் அடியில் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டுமே ஓட்டைப் பானை. இன்று சேர்வது மேலே விழ, கெடு தாண்டிய பழையது கீழே ஒழுகுகிறது. ஆனால் ஒழுகும் வேகம் வேறு. விழுப்புரத்துக்காரர் இழப்பது ஓராண்டுக்கு முந்தைய மெலிந்த மாதங்களை, அது வலிக்காது. திண்டிவனத்துக்காரர் 91-ஆம் நாளில் இழப்பது தம்முடைய ஒரே வெற்றியாக இருக்கலாம். எண்பது லட்சத்தில் நின்றவர் ஒரே வாரத்தில் பத்து லட்சத்துக்கு இறங்குவது இப்படித்தான்.

இரு பானைகளையும் இணைக்கப் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் 4,000 மணியில் சேராது. அங்கே கிடைத்த சப்ஸ்கிரைபர் சேர்வார், ஆனால் நீள வீடியோவை அவர் திறப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. மாறாக, மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்தை நேரலையாகக் காட்டி, ஆயிரம் பேர் அரை மணி பார்த்தால் ஒரே இரவில் 500 மணி! பிறகு அந்தப் பதிவை அழித்தாலோ பிரைவேட் ஆக்கினாலோ அந்த மணிகளும் போய்விடும்.

எண்களை எட்டியபின் இருவரும் நிற்பது ஒரே வரிசையில். பரிசீலனை பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் முடியும். பிறர் வீடியோவைத் தம் குரலோ உழைப்போ சேர்க்காமல் மறுபதிவு செய்திருந்தால் அங்கே சிக்கும். முதல் மறுப்புக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்க 30 நாள் காத்திருக்க வேண்டும். உள்ளே போனதும் பாதை மறுபடி பிரிகிறது: நீள வீடியோவின் விளம்பரத்தில் 55 சதவீதம், ஷார்ட்ஸுக்கு ஒதுக்கிய தொகையில் 45. வங்கிக்குப் பணம் வரும் முன் இருவர் கணக்கிலும் 100 டாலர் சேர்ந்தாக வேண்டும்.