நீலமணி மாலையும் அருங்காட்சியகச் சீட்டும்

தாயத்து, மணி, திருவுருவம் ஆகியவற்றைச் சமய வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், பொருளின் தோற்றத்திலேயே அதன் கருத்து அடங்கியிருப்பதாகக் கொள்ளலாகாது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து இலண்டன் இதற்குச் சான்று.

வங்கி அலுவலரான எட்வர்டு லவெட், அந்நகர உழைக்கும் மக்களிடையே வழங்கிய தாயத்துகளைத் திரட்டினார். அவற்றுள் மலிவான நீலக் கண்ணாடி மணிமாலைகளும் உண்டு. தோற்றத்தில் அவை வெறும் அணிகலன்களே. ஆயினும், மூச்சுக்குழல் அழற்சி வாராதிருக்கத் தாய்மார் அவற்றைக் குழந்தைகளுக்கு அணிவித்தனர். கழற்றாமல் ஆடைக்குள்ளேயே விட்டுவைத்தனர். அணிகலனைக் காப்பாக்கியது இவ்வழக்கமே.

இவ்வழக்கத்தின் தடயத்தை எங்குத் தேடுவது? கண்ணாடி எளிதில் தேயாது. ஆகவே நூலின் அழுக்கையும் முடிச்சையும் முதலில் நோக்கவேண்டும். நூல் புதிதாயின், மாலை கடையிலிருந்து நேரே வந்திருக்கலாம். அன்றி, பின்னர் மீண்டும் கோக்கப்பட்டிருக்கலாம். அழுக்கேறிய நூல் நெடுநாள் அணிந்ததை உணர்த்தும். எதற்காக அணிந்தனர் என்பதை உணர்த்தாது. அதனை அருங்காட்சியகச் சீட்டே கூறும். அச்சீட்டோ திரட்டியவரின் கூற்று. அணிவித்த தாயின் கூற்றன்று. நூலும் சீட்டும் ஒன்றையொன்று திருத்தும்வகையில் இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை.