திருத்தணியில் நண்பகல் நிழல்: ஒரு குச்சியும் அஸர் நேரமும்

பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையில் லுஹர், அஸர் நேரங்கள் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அந்த இரண்டு வக்துகளுக்கும் அடிப்படை நிழல்தான். தரையில் நட்ட ஒரு குச்சி அதைத் தெளிவாகக் காட்டிவிடும். ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணியை எடுத்துக்கொள்வோம். இவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13.2 பாகையில் உள்ளது.

ஒரு மீட்டர் நேரான குச்சி போதும். மலைச்சரிவில் நடாமல், தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாத சமதரையில் நட வேண்டும். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று இரு பக்கங்களிலிருந்தும் பார்க்க வேண்டும். ஒரு பாகை சாய்ந்தாலே நிழல் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் பிசகும்.

அடுத்தது நண்பகல். கடிகாரத்தில் 12 மணி ஆனதும் அளப்பவர்கள் பலர், அது சரியன்று. இந்திய நேரம் திருத்தணிக்குக் கிழக்கே உள்ள தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:12க்கு. அதிலும் பிப்ரவரி நடுவில் 12:26 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 11:55க்கே வந்துவிடும். எனவே கடிகாரத்தை நம்பாமல், குச்சியை மையமாக வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்திலும், பிற்பகலில் மீண்டும் தொடும் இடத்திலும் புள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவிலிருந்து குச்சிக்கு இழுக்கும் கோடு வடக்கு தெற்காக அமையும். மறுநாள் நிழல் அந்தக் கோட்டில் விழும் கணமே நண்பகல். முற்கால முஸ்லிம் வானியலாளர்கள் இதை ‘இந்திய வட்டம்’ என்றே அழைத்தார்கள்.

டிசம்பர் 21 அன்று அளந்தால் நண்பகல் நிழல் வடக்கு நோக்கி 74 சென்டிமீட்டர் இருக்கும். சூரியன் தெற்கே வெகுதூரம் சாய்ந்திருப்பதே காரணம். மார்ச் 21 வாக்கில் அது 23 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். ஏப்ரல் 25ஐ ஒட்டி நிழலே இராது. குச்சியின் அடியிலேயே ஒடுங்கிவிடும். அதன் பிறகு நடப்பதைப் பார்த்துப் பலர் வியப்பார்கள்: நிழல் தெற்குப் பக்கம் விழத் தொடங்கி, ஜூன் 21 அன்று 18 சென்டிமீட்டர் வரை நீளும். சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விட்டது என்பதே இதன் பொருள். ஆகஸ்ட் 17 அல்லது 18இல் மீண்டும் நிழலற்ற நாள் வரும். அதற்குப் பின் நிழல் வடக்கே திரும்பும். ஆண்டில் ஏறத்தாழ 115 நாட்கள் திருத்தணி மக்கள் நண்பகலில் சூரியனை வடக்குப் பக்கம் காண்கிறார்கள்.

இனி தொழுகைக்கு வருவோம். நிழல் நண்பகல் கோட்டைக் கடந்து கிழக்கே நகரத் தொடங்கியதும் லுஹர் நேரம் ஆரம்பமாகிறது. ஷாஃபி மத்ஹபின்படி, ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்துக்குச் சமமானதும் அஸர் ஆரம்பம். ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி இரு மடங்கு ஆக வேண்டும். இரண்டிலும் நண்பகல் நிழலைத் தனியாகக் கூட்ட வேண்டும் என்பதுதான் மறந்துபோகிற விஷயம்.

டிசம்பர் 21 கணக்கையே பாருங்கள். குச்சி 100 சென்டிமீட்டர், நண்பகல் நிழல் 74. ஆகவே ஷாஃபி அஸருக்கு நிழல் 174 ஆக வேண்டும், ஹனஃபிக்கு 274. திருத்தணியில் நிழல் 174ஐத் தொடும்போது பிற்பகல் சுமார் 3:25 ஆகியிருக்கும். நண்பகல் நிழலைக் கூட்டாமல் 100 ஆனதுமே அஸர் என்று எண்ணினால், கடிகாரம் 1:57ஐத்தான் காட்டும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முந்திவிடும்; அது லுஹருடைய நேரம். ஏப்ரல் 25இல் இந்தத் தவறு செய்தாலும் வெளியே தெரியாது. கூட்டுவதற்கு நிழலே இல்லாததால் 100 சென்டிமீட்டரே போதும், நேரம் சுமார் 3:15. கோடையில் மட்டும் சோதித்துப் பார்த்தவர் தம் முறை சரியென்று நினைத்துக்கொள்ள இதுவே வழி வகுக்கிறது.

ஜூன் மாதத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறதே, அதைக் கழிக்க வேண்டுமா என்று கேட்பதுண்டு. வேண்டாம். திசை எதுவானாலும் நீளத்தைக் கூட்டுவதே முறை. எனவே ஜூன் 21இல் ஷாஃபி அளவு 118 சென்டிமீட்டர்.

நிழலின் நுனி கூர்மையாக இராது. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டாக இருப்பதால் நுனி மங்கலாகவே முடியும். டிசம்பர் நண்பகலில் அந்த மங்கல் பகுதி மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் வரும். மங்கலின் நடுப்பகுதியில் குறி வைத்து, ஒவ்வொரு முறையும் அதே வழக்கத்தைக் கடைப்பிடித்தால் அளவுகள் ஒத்துவரும்.