செல் எண்ணுக்கு அனுப்பும் பணம் யாருக்குப் போகிறது?

திருவண்ணாமலையில் இருக்கும் தங்கைக்கு, சென்னையிலிருந்து அண்ணன் யுபிஐ மூலம் 2,000 ரூபாய் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

தங்கையின் யுபிஐ ஐடி @oksbi என முடிந்தால், கோரிக்கை தேசியக் கொடுப்பனவுக் கழகம் வழியாக அந்த முகவரியை வழங்கிய ஸ்டேட் வங்கிக்குச் செல்லும். அதனுடன் இணைந்த கணக்கு எது என்பதை அவ்வங்கி சொல்லும். அந்தக் கணக்கு வேறு வங்கியிலும் இருக்கலாம்.

செல் எண்ணில் இந்த அடையாளம் இல்லை. எனவே அந்த எண்ணுடன் இணைந்த யுபிஐ ஐடியை முதலில் தேட வேண்டும். செயலி தன் பதிவேட்டிலோ, கழகத்தின் பொதுப் பதிவேட்டிலோ தேடும். பிறகு நடப்பதெல்லாம் ஒன்றே.

சிக்கல் இந்தத் தேடலில்தான். தங்கை ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண், துண்டிக்கப்பட்டு 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அவர் அதை யுபிஐயில் பதிந்தால் பணம் அவருக்கே போகும். அதனால்தான், துண்டிக்கப்பட்ட எண்களை வாரம் ஒருமுறையாவது சரிபார்த்து நீக்க வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் 2025இல் உத்தரவிடப்பட்டது.

அண்ணனின் செல்லில் "தங்கச்சி" என்று சேமித்த பெயர் சான்றாகாது. பின் எண்ணைப் போடும் முன், வங்கிக் கணக்கிலுள்ள பெயராகத் திரையில் வருவதையே நாம் பார்க்க வேண்டும். முதல்முறை என்றால் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று பேசிக் கேட்பது நல்லது.

தவறிப் போனால், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணுடன் செயலியிலும் நம் வங்கியிலும் உடனே புகார் செய்ய வேண்டும். ஆனால் நாமே பின் எண் போட்டு அனுப்பிய பணம், பெற்றவர் சம்மதிக்காமல் எளிதில் திரும்பாது.