முழுமையாக்கல் வேறுபாடு

முழுமையாக்கல் வேறுபாடு என்பது, ஓர் அட்டவணையின் உறுப்புகளையும் மொத்தத்தையும் தனித்தனியே முழுமையாக்கி எழுதும்போது, உறுப்புகளின் கூட்டுத்தொகைக்கும் காட்டப்பட்ட மொத்தத்திற்கும் இடையே தோன்றும் சிறு வேறுபாடு ஆகும். முழுமையாக்கலை இலங்கைப் பாடநூல்கள் மட்டந்தட்டல் என்கின்றன. முன்பு சரியாகக் கூடிய அட்டவணையும் தரவைப் புதுப்பித்தபின் கூடாமல் போகலாம்.

இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தற்காலிக முடிவுகளின்படி ஊரக மக்கள் 83,30,87,662, நகர்ப்புற மக்கள் 37,71,05,760, மொத்தம் 1,21,01,93,422. கோடியில் இரு பதின்ம இடங்களுக்கு எழுதினால் 83.31, 37.71, 121.02 என்று பிழையின்றிக் கூடும். பின்னர் வெளியான இறுதி முடிவுகளில் ஊரகம் 83,37,48,852, நகர்ப்புறம் 37,71,06,125, மொத்தம் 1,21,08,54,977 ஆயின. இவை 83.37, 37.71, 121.09 என்றாகும். ஆனால் முதலிரண்டையும் கூட்டினால் 121.08 தான் வருகிறது. ஊரக எண்ணில் விடுபட்ட 48,852 பேரும் நகர்ப்புற எண்ணில் விடுபட்ட 6,125 பேரும் சேர்ந்து அரை இலட்சத்தைத் தாண்டுவதால், மொத்தம் மட்டும் மேல்நோக்கி முழுமையாகிறது.

மாற்றத்தைக் கணிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஊரக எண்ணிக்கை 6,61,190 கூடியது, அதாவது 0.07 கோடி. காட்டப்பட்ட எண்களைக் கழித்தாலோ 0.06 என்றே கிடைக்கும். எனவே கழித்தலையும் கூட்டலையும் முழு எண்களில் செய்து, முழுமையாக்கலை இறுதியில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டும்.

அட்டவணை பொருந்த வேண்டும் என்பதற்காக ஊரகத்தை 83.38 என்று திருத்துவது தவறு. அதே எண் வேறொரு பக்கத்தில் 83.37 என்று நிற்கும். படிப்பவர் எதை நம்புவார்? மொத்தத்தை 121.08 ஆக்குவதும் அவ்வாறே. எண்களை உள்ளபடியே விட்டு, "முழுமையாக்கலால் கூட்டுத்தொகை மொத்தத்துடன் பொருந்தாதிருக்கலாம்" என்ற குறிப்பை அட்டவணைக்குக் கீழே இடுவதே முறை. தொகுதி இடங்கள், பங்கிட்ட பணம் போன்று மொத்தம் கட்டாயம் பொருந்தவேண்டிய இடங்களில் மட்டும், எல்லாவற்றையும் கீழ்நோக்கி முழுமையாக்கி, எஞ்சிய அலகுகளை மிகுதி பெரிதாக உள்ள உறுப்புகளுக்கு அளிப்பர்.

இக்குறிப்பு உண்மைப் பிழைகளுக்குப் போர்வையாகிவிடக் கூடாது. ஒவ்வோர் எண்ணும் கடைசி இலக்கத்தில் அதிகபட்சம் அரை அலகு பிறழும். இரண்டு உறுப்புகளும் மொத்தமும் சேர்ந்தால் ஒன்றரை அலகு. வேறுபாடு முழு அலகுகளாகவே தோன்றுவதால், 0.01 வரை ஏற்கலாம். மொத்தத்தை மட்டும் புதுப்பித்துவிட்டு உறுப்புகளைப் பழையபடி விட்டால் 83.31, 37.71, 121.09 என்று நிற்கும். வேறுபாடு 0.07. இது முழுமையாக்கலால் வந்ததன்று. இரு வெவ்வேறு வெளியீடுகள் ஒரே அட்டவணையில் கலந்துள்ளன.