முன்கட்டணத் தள்ளுபடி

சரக்கு வாங்கியவர் கெடு நாளுக்கு முன்பே பணம் கட்டினால், விற்றவர் பட்டியல் தொகையில் குறைத்துக்கொள்ளும் சலுகை. இதைச் சதவீதமாக மட்டும் பார்த்தால் சிறிதாகத் தோன்றும். ஆண்டு வட்டியாக மாற்றினால்தான் உண்மை மதிப்பு தெரியும்.

ரூ.1,00,000 பட்டியலுக்குக் கெடு 30 நாள்; 20ஆம் நாளே கட்டினால் 1% தள்ளுபடி என்று கொள்வோம். வாங்கியவர் ரூ.99,000-ஐப் பத்து நாள் முன்னதாகக் கொடுத்து ரூ.1,000 மிச்சப்படுத்துகிறார். கையை விட்டுப் போவது ரூ.99,000 என்பதால் அதையே முதலாகக் கொள்ள வேண்டும்: 1,000 ÷ 99,000 = 1.01%. ஆண்டில் 36.5 பத்து நாள்கள் இருப்பதால், தனிவட்டியில் இது சுமார் 36.9%, கூட்டுவட்டியில் சுமார் 44.3%.

வங்கியில் 12% வட்டிக்கு ஓவர்டிராஃப்ட் எடுத்துக் கட்டினாலும் பத்து நாளுக்கு வட்டி ஏறத்தாழ ரூ.325தான், ரூ.675 லாபம். தள்ளுபடி 0.33 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தக் கடன் கட்டுப்படியாகாது.

கெடுவுக்குப் பதில் உண்மையில் பணம் கட்டும் நாளையே கணக்கில் எடுக்க வேண்டும். அபராதமின்றி 45ஆம் நாள் கட்டுவது வழக்கமானால் இடைவெளி 25 நாளாகி, வருவாய் 14.7 சதவீதமாகக் குறையும்.