#456# அமத்தினால் என்ன நடக்குது?

2009 மே மாதம் யுத்தம் முடிந்த பிறகுதான் கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனத்தின் கையில் கைபேசி பரவலாக வந்தது. மெசேஜ் எழுதத் தெரியாத எங்கட அம்மம்மாக்களும் டயலொக்கின் #456# ஐ அமத்தி மிச்சக்காசு பார்க்கப் பழகினார்கள். அதையும் ஒரு மெசேஜ் எண்டுதான் கனகாலம் நினைச்சிருந்தோம்.

மெசேஜ் தபால் மாதிரி. கம்பனியின் மெசேஜ் நிலையத்தில் போய்க் கிடக்கும். வாங்குறவரின் போன் ஓஃப் எண்டால் காத்திருந்து பிறகு வந்து சேரும். யு.எஸ்.எஸ்.டி. அப்படி இல்லை. எண்ணை அமத்தியதும் போனுக்கும் கம்பனிக்கும் இடையில் ஒரு தொடர்பு திறக்கும். கேள்வி நேரே கணக்கு வைத்திருக்கிற கணினிக்குப் போகும், பதில் அதே தொடர்பில் திரும்பும், தொடர்பு மூடும். எங்கேயும் சேமிப்பு இல்லை. இன்பொக்ஸில் தேடிப் பிரயோசனமில்லை.

இடையில் சிக்னல் அறுந்தால் பதிலும் போய்விடும். அன்ட்ரொயிட் போனில் `Connection problem or invalid MMI code` எண்டு வரும். எண் பிழையெண்டாலும் இதே வசனம்தான், அதுதான் குழப்பம். வெளி முற்றத்துக்கு வந்து அதே எண்ணைத் திரும்ப அமத்தினால் எது பிழையெண்டு தெரியும்.

ரீலோட் போட்ட மெசேஜ் பிந்தினாலும் அவசரப்பட்டுக் கடைக்காரரோட சண்டைக்குப் போகாமல், முதலில் #456# ஐ அமத்துங்கோ. மெசேஜ் வழியில் நிண்டாலும், காசு கணக்கில் ஏறியிருக்கலாம்.