கறிக்கோழியும் இரத்தக் கழிச்சலும்

போன வாரம் எழுதிய கோழிக்கறி விலைப் பதிவைப் படித்துவிட்டு, பல்லடம் பக்கத்து நண்பர் ஒருவர், "கோழித் தீனியில் மருந்து கலக்கிறார்களாமே, எதற்கு?" என்று கேட்டிருந்தார். பல வகை மருந்துகள் உண்டு. அவற்றுள் மிகப் பழையது இரத்தக் கழிச்சலைத் தடுக்கப் போடும் மருந்து. பண்ணைக்காரர்கள் 'காக்ஸி' என்று சுருக்கிச் சொல்லும் நோய் அது. நான் இருபது வருடத்துக்கு மேல் அதன் பின்னால் அலைந்தவன் என்பதால், எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

கறிக்கோழித் தொழில் பிறந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1923-ல் செசில் ஸ்டீல் என்ற அம்மையார், முட்டைக்காக 50 குஞ்சு வேண்டும் என்று எழுதியிருந்தார். வந்து இறங்கியதோ 500. திருப்பி அனுப்பாமல் வளர்த்துக் கறிக்கு விற்றார். நல்ல காசு கிடைத்தது. அக்கம்பக்கத்தாரும் அதேபோல் கொட்டகை போட ஆரம்பித்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை ஒரே கூரைக்கடியில், அவற்றின் எச்சத்தின் மேலேயே வளர்த்தால் என்ன ஆகும் என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. நாலு வாரக் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கின. எச்சத்தில் இரத்தம். அப்புறம் கொத்துக் கொத்தாகச் சாவு.

காரணம் எய்மீரியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. கோழியின் எச்சத்தில் அதன் முட்டைப்பை வெளியே வரும். வந்தவுடன் அது நோய் தராது. வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் 'முதிரும்'. முதிர்ந்ததைக் கோழி கொத்தித் தின்றால்தான் வினை. குடல் சுவரின் செல்களுக்குள் புகுந்து, பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நாலிலிருந்து ஏழு நாளில் ஒன்று பல்லாயிரமாகித் திரும்பக் கூளத்தில் விழும். ஈரம் என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கே வருவேன்.

இவை எல்லாம் ஒரே இனம் அல்ல என்று தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டின் டிஸ்ஸர். 1929-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், ஒவ்வோர் இனமும் குடலில் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்கிறது என்பது நிலைபெற்றது. அசெர்வுலினா சிறுகுடலின் தொடக்க வளைவில் இருக்கும். மேக்சிமா நடுக்குடலில். இரத்தம் கொட்டவைக்கும் டெனெல்லா, கடைசியில் பை போலத் தொங்கும் இரண்டு குருட்டுக்குடல்களில்.

மருந்துகளின் கதை 1948-ல் சூடு பிடிக்கிறது. சல்ஃபாகுவினாக்சலின் என்ற சல்ஃபா மருந்தைத் தீனியிலேயே தொடர்ந்து கலந்து கொடுக்கலாம் என்று அந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. நோய் வந்தபின் ஓடுவதை விட்டு, வருமுன் தடுக்கும் வழக்கம் அதிலிருந்துதான். 1955-ல் நிகார்பசின் வந்தது. கெட்டிக்கார மருந்து, ஆனால் கொடுத்த கோழிகள் வெயில் தாங்காது. 1960-ல் ஆம்ப்ரோலியம். இது பி1 வைட்டமினைப் போல வேஷம் போட்டு ஒட்டுண்ணியை ஏமாற்றுவது. அதனால் ஆம்ப்ரோலியம் கொடுக்கும்போது சத்துக்காக என்று பி-காம்ப்ளெக்ஸையும் தண்ணீரில் ஊற்றினால் மருந்தின் வேலை கெடும். இதை எத்தனை பண்ணையில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

இந்த ரசாயன மருந்துகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு குறை உண்டு. விடாமல் பயன்படுத்தினால் ஒட்டுண்ணி பழகிக்கொள்ளும். அறுபதுகளில் வந்த சில மருந்துகள் ஓரிரு வருடத்திலேயே செல்லாக்காசு ஆயின. 1971-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மோனென்சின்தான் இதை மாற்றியது. மண்ணில் வாழும் நுண்ணுயிர் தயாரிக்கும் பொருள் அது. ஒட்டுண்ணிக்குள் சோடியத்தை ஏற்றி அதை ஊதி வெடிக்கவைக்கும். சாலினோமைசின் முதலிய தம்பிகளும் பின்னால் வந்தன. விசித்திரம் என்னவென்றால், இந்தக் குடும்பம் ஒட்டுண்ணியை முழுக்க அழிப்பதில்லை. கொஞ்சம் தப்பவிடும். அந்தக் கொஞ்சத்தால் கோழிக்குச் சொந்த எதிர்ப்புச் சக்தி வளரும். பழக்கமும் மெதுவாகத்தான் வரும். அரை நூற்றாண்டாகியும் இவை சந்தையில் நிற்பதற்கு இந்த அரைகுறைத்தனம் ஒரு முக்கிய காரணம். குதிரை தின்றால் செத்துவிடும் என்பதும், டியாமுலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்த்தால் கோழிக்கே விஷமாகும் என்பதும் கூடவே தெரிந்திருக்க வேண்டியவை.

மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிச் சொல்வது? சாவை எண்ணினால் போதாது. சாகாமலேயே தீனியைத் தின்றுவிட்டு எடை ஏறாத கோழிதான் பெரிய நஷ்டம். 1970-ல் ஜான்சன், ரீட் என்ற இருவர் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். குடலை அறுத்துப் பார்த்து 0 முதல் 4 வரை போடுவது. இன்றும் உலகம் முழுக்க அதுதான். குருட்டுக்குடலுக்குச் சொல்கிறேன்: சுவரில் அங்கங்கே ஊசிமுனைச் சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தால் 1. புள்ளிகள் அதிகமாகி, உள்ளே கொஞ்சம் இரத்தம் தெரிந்து, சுவரும் லேசாகத் தடித்திருந்தால் 2. நிறைய இரத்தமோ, பாலாடைக்கட்டி போன்ற அடைப்போ இருந்து சுவர் நன்றாகத் தடித்திருந்தால் 3. பை முழுக்க இரத்தத்தால் உப்பியிருந்தால் 4. இந்த நோயால் செத்த கோழிக்கும் 4. தொடக்க வளைவில் இரத்தம் தேடக்கூடாது. ஏணிப்படி போல் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடுகளைத் தேட வேண்டும்.

2005 ஐப்பசியில் பார்த்த ஒரு கொட்டகையைச் சொல்கிறேன். அப்போது நான் குஞ்சும் தீனியும் கொடுத்து வளர்க்கச் சொல்லும் ஒரு கம்பெனியில் மருத்துவராக இருந்தேன். அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. 6,000 கோழி, வயது 26 நாள். எச்சத்தில் இரத்தம் கண்ட பண்ணைக்காரர் பதறிப்போயிருந்தார். வளர்ப்புக் கூலியை வைத்துத்தான் மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டவேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தவர். "டாக்டருங்க, இந்தத் தடவை தீனி மருந்து போலியாட்டம் இருக்குதுங்க" என்றார். கம்பெனி சூப்பர்வைசரும் மருந்தை மாற்றிவிடலாம் என்றே நினைத்தார்.

கொட்டகையை வலையால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பாதியிலிருந்தும் மூன்று கோழி எடுத்தோம். செத்ததை எடுக்கவில்லை. சாவு மோசமான கோழியைத்தான் காட்டும். கூட்டத்தின் நிலையைக் காட்டாது. அறுத்த உடனேயே, நல்ல வெளிச்சத்தில் பார்த்தோம். நேரமானால் குடல் தானே அழுகி நிறம் மாறிக் குழப்பும். மேற்குப் பாதியில் குருட்டுக்குடல் மதிப்பெண் 3, 3, 2. கிழக்குப் பாதியில் 1, 0, 0. இரண்டு பக்கமும் ஒரே குஞ்சு, ஒரே தீனி, அதே சாலினோமைசின். மருந்து போலி என்றால் கிழக்கிலும் அடித்திருக்க வேண்டும்.

வித்தியாசம் காலடியில் இருந்தது. மேற்குப் பாதியில் தண்ணீர்த் தொட்டிகள் தாழ்வாகத் தொங்கின. கோழி இடித்து இடித்துத் தண்ணீர் சிந்தியிருந்தது. போதாததற்குச் சாரலும் அந்தப் பக்கம். கூளத்தை ஒரு பிடி அள்ளி அழுத்தினால் கொழுக்கட்டை போல நின்றது. நல்ல கூளம் அழுத்தினால் லேசாக ஒட்டி, கையைத் திறந்ததும் உதிர வேண்டும். இரண்டு பக்கமும் 100 கிராம் எடுத்து ஆய்வகத்து அடுப்பில் 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தினோம். மேற்கு 58 கிராமாகவும் கிழக்கு 76 கிராமாகவும் இறங்கின. அதாவது ஈரம் மேற்கில் 42 சதவீதம், கிழக்கில் 24. இருபதிலிருந்து இருபத்தைந்து வரை நல்லது. முப்பதைத் தாண்டினால் கட்டிபிடிக்கும். முட்டைப்பைகள் அங்கே தடையின்றி முதிர்ந்துகொண்டிருந்தன. சாலினோமைசின் கொஞ்சம் தப்பவிடும் என்று சொன்னேன் அல்லவா? தின்றதே மலையளவு என்றால் தப்புவதும் மலையளவுதான்.

அன்றே மேற்குப் பாதிக்கு, 20 சதவீத ஆம்ப்ரோலியம் பொடி லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் ஐந்து நாள் தண்ணீரில் கொடுத்தோம். வைட்டமின் புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். கட்டிபிடித்த கூளத்தை வெட்டி அள்ளிவிட்டு, காய்ந்த தேங்காய் நார்க்கழிவு போட்டார்கள். தொட்டியின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கினோம். மழைப் பக்கம் படுதா இறக்கினோம். முழுக்க மூடாமல், மேலே காற்றுப் போக இடம் விட்டு.

அடுத்த பேட்சுக்கு என்ன மருந்து? சூப்பர்வைசர் டைக்ளாசுரில் கேட்டார். ஒரு டன் தீனிக்கு ஒரு கிராம் போதும், அவ்வளவு வீரியம். ஆனால் இதற்கும் பழக்கம் சீக்கிரம் வரும். கிழக்குப் பாதி நன்றாக இருக்கும்போது, கைவசமுள்ள கூரிய கத்தியை மழுங்கடிப்பானேன்? அதே சமயம் அந்தப் பண்ணையில் நாலு பேட்சாக ஒரே சாலினோமைசின்தான் ஓடியிருந்தது. அதனால் முதல் மூன்று வாரத் தீனிக்கு நிகார்பசின், பிறகு மறுபடி சாலினோமைசின் என்று வைத்தோம். வரப்போவது மார்கழிக் குளிர் என்பதால்தான் நிகார்பசினைத் தொட்டேன். பங்குனி, சித்திரையாக இருந்தால் நினைத்தே பார்த்திருக்க மாட்டேன்.

அந்தப் பேட்சின் 26-ஆம் நாள் மறுபடி அறுத்துப் பார்த்தோம். மேற்கில் 1, 0, 1. கிழக்கில் 0, 1, 0. பண்ணைக்காரர் அந்த ஒன்றுகளைப் பார்த்து முகம் சுளித்தார். அது இருந்தால்தான் கோழி தானே பழகும் என்று விளக்க ஒரு டம்ளர் காப்பி நேரம் ஆயிற்று.

இந்த மதிப்பெண்ணுக்கும் எல்லை உண்டு. மைட்டிஸ், பிரீகாக்ஸ் என்ற இரண்டு இனங்கள் கண்ணுக்குத் தெரியும் புண் எதுவும் வைக்காமல் எடையை மட்டும் குறைக்கும். மேக்சிமா இருந்தால் நடுக்குடலின் சளியைக் கட்டைவிரலால் வழித்து, ஆரஞ்சு நிறமா என்று பார்க்க வேண்டும். அவசரக்காரர் கண்ணில் அது படாது. ஐந்து வாரத்துக்குப் பிறகு அறுத்தால் புண் ஆறியிருக்கலாம். பூஜ்யம் வந்ததால் நோயே வரவில்லை என்று ஆகாது. ஒருவர் போடும் இரண்டு இன்னொருவருக்கு மூன்றாகத் தெரியும். அதனால் ஒரு பண்ணையை எப்போதும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன்களை, முதல் மாதம் மதிப்பெண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைக்கச் சொல்வேன். நானும் தனியாக எழுதுவேன். பிறகு இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.